பலன் இல்லை என்றார்கள், ஆள் போதவில்லை

மாரடைப்பு வந்தவரின் இதயத் தமனிகளில் ஒன்றை இரத்தக்கட்டி அடைத்திருக்கும். அந்தக் கட்டியைச் சீக்கிரம் கரைத்தால் இதயத் தசை பிழைக்கும்; ஆளும் பிழைக்கலாம். கரைக்கும் பொருள் 1933லேயே கிடைத்துவிட்டது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் வில்லியம் டில்லெட்டும் அவருடைய சகா கார்னரும், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமி வெளியிடும் ஒரு பொருள் மனித இரத்தத்தின் உறைகட்டியைக் கரைப்பதைக் கண்டார்கள். பின்னாளில் ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்று பெயர் பெற்ற மருந்து அதுதான். 1950களின் இறுதியில் மாரடைப்பு நோயாளிகளுக்கு அதைக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். ஆனால் அது உயிரைக் காக்கும் மருந்து என்று உலக மருத்துவர்கள் பொதுவாக ஒப்புக்கொண்டது 1980களின் பிற்பாதியில்தான்.

இடையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். அந்தக் காலத்தில் சோதனைகள் நடக்காமல் இல்லை. 1959 முதல் 1988 வரை, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மருந்து கொடுத்தும் மறுபாதிக்குக் கொடுக்காமலும் 33 சோதனைகள் நடந்தன. ஆரம்ப காலச் சோதனைகளில் பெரும்பாலானவை சிறியவை. அவற்றில் பலவற்றின் முடிவு ஒன்றுபோலவே இருந்தது: மருந்து கொடுத்த பக்கத்தில் சாவு கொஞ்சம் குறைவுதான், ஆனால் அந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம், ஆகவே பலன் நிரூபிக்கப்படவில்லை.

தாமதத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. மருந்து இரத்தக் கசிவை உண்டாக்கும் என்ற பயம் இருந்தது. அது நியாயமான பயம். கட்டியால் மாரடைப்பு வருகிறதா, மாரடைப்பு வந்த பிறகு கட்டி உண்டாகிறதா என்ற சண்டையும் 1980 வாக்கில்தான் ஓய்ந்தது. ஆனாலும் சோதனை முடிவுகளை அன்று படித்த விதத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. ‘பலன் இருப்பதாகத் தெரியவில்லை’ என்று எழுதியதைப் பலரும் ‘பலன் இல்லை’ என்று படித்தார்கள். அந்த ஓட்டைக்குப் புள்ளியியலில் இரண்டாம் வகைப் பிழை என்று பெயர்.

புள்ளியியல் சோதனை ஒன்று எப்படி முடிவெடுக்கிறது என்று பார்த்தால் இது விளங்கும். முதலில், ‘இந்த மருந்தால் எந்த வித்தியாசமும் இல்லை’ என்று வைத்துக்கொள்கிறார்கள். பாடப்புத்தகம் இதை இல் எடுகோள் என்கிறது. பிறகு இரண்டு பக்கமும் எத்தனை பேர் இறந்தார்கள் என்று எண்ணுகிறார்கள். மருந்தால் வித்தியாசமே இல்லாதபோதும், குலுக்கலின் போக்கில் மட்டுமே இவ்வளவு பெரிய இடைவெளி வர எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிடுகிறார்கள். அந்த வாய்ப்புதான் பி மதிப்பு. முன்கூட்டியே குறித்து வைத்த ஒரு எல்லைக்கு அது கீழே போனால், ‘வித்தியாசம் உண்டு’ என்று அறிவிக்கிறார்கள். அந்த எல்லைதான் சிறப்புகாண் மட்டம். ஆல்பா என்றும் சொல்வார்கள். வழக்கத்தில் அது 5 விழுக்காடு. பிரிட்டிஷ் புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் 1925ல் வெளியிட்ட புத்தகத்திலிருந்து அந்த எண் பரவியது.

இந்த முறையில் இரண்டு விதமாகத் தவறலாம். மருந்தில் ஒன்றுமே இல்லாமலிருந்தும் ‘வேலை செய்கிறது’ என்று அறிவிப்பது முதல் வகைப் பிழை. மருந்து உண்மையில் வேலை செய்தும் அதைக் காணத் தவறுவது இரண்டாம் வகை. இருட்டில் கிடக்கும் கயிற்றைப் பாம்பு என்று அலறுவது முதலாவது. பாம்பைக் கயிறு என்று மிதிப்பது இரண்டாவது. இந்த இரண்டையும் பிரித்துப் பெயரிட்டவர்கள் யெர்ஸி நெய்மனும் ஈகன் பியர்சனும். 1928 முதல் 1933 வரை அவர்கள் எழுதிய கட்டுரைகளில், எந்தப் பிழையை அதிகம் அஞ்ச வேண்டும் என்பதைக் கணிதம் தீர்மானிக்காது, ஆய்வு செய்பவர்தான் தீர்மானிக்க வேண்டும் என்பதையும் தெளிவாக்கினார்கள். அந்தப் பொறுப்பைப் பின்னால் வந்தவர்கள் பெரும்பாலும் 5 விழுக்காடு என்ற வழக்கத்திடம் விட்டுவிட்டார்கள் என்பது என் வருத்தம்.

இரண்டாம் வகைப் பிழையைச் செய்யாமலிருக்கும் வாய்ப்புக்குத்தான் சோதனையின் திறன் என்று பெயர். திறன் 80 விழுக்காடு என்றால், நாம் எதிர்பார்க்கும் அளவுக்கு மருந்தில் பலன் இருக்கும் பட்சத்தில், நூற்றுக்கு எண்பது தடவை சோதனை அதைப் பிடித்துவிடும். இருபது தடவை கோட்டை விடும்.

ஸ்ட்ரெப்டோகைனேஸின் உண்மையான பலன் எவ்வளவு என்பது இன்று நமக்குத் தெரியும். மாரடைப்புக்குப் பின் ஐந்து வாரங்களுக்குள், மருந்து இல்லாமல் 100 பேரில் 12 பேர் இறந்தார்கள். மருந்து கொடுத்தால் 9.2 பேர். ஏறக்குறைய நான்கில் ஒரு சாவு தடுக்கப்பட்டது. இந்த இரண்டு எண்களையும் கையில் வைத்துக்கொண்டு, ஒரு பழைய சோதனைக்குத் திரும்பிப் போவோம். பக்கத்துக்கு 100 பேர், மொத்தம் 200 நோயாளிகள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு நகரத்து மருத்துவமனைக்கு அதுவே பெரிய வேலை.

மருந்து இல்லாத 100 பேரில் சராசரியாக 12 பேர் இறப்பார்கள் என்றால், ஒவ்வொரு நூறிலும் சரியாக 12 பேர் இறப்பார்கள் என்று பொருளில்லை. ஒரு நூறில் 8, இன்னொரு நூறில் 16 என்று எண்ணிக்கை ஆடும். பெரும்பாலும் 6 முதல் 18 வரை எதுவும் வரலாம். மருந்து கொடுத்த 100 பேரிலும் அப்படித்தான்: 4 முதல் 15 வரை. இந்த இரண்டு வரம்புகளும் பெருமளவு ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. மருந்து கொடுத்த பக்கம் 11 பேர், கொடுக்காத பக்கம் 10 பேர் என்று தலைகீழாக வந்தால்கூட வியப்பில்லை. இப்படி ஒரு சோதனை, 5 விழுக்காடு மட்டத்தில், இந்த மருந்தின் பலனைப் பிடிக்கும் வாய்ப்பைக் கணக்கிட்டால் சுமார் 10 விழுக்காடுதான் வருகிறது. பத்துச் சோதனைகள் நடந்தால் ஒன்பது வெறுங்கையோடு திரும்பும். நல்ல மருந்து, நேர்மையான மருத்துவர்கள், ஒழுங்கான குலுக்கல் எல்லாம் இருந்தும் இதுதான் கதி.

இப்போது பக்கத்துக்கு 8,500 பேர் என்று வைப்போம். மருந்து இல்லாத பக்கம் சராசரியாக 1,020 சாவுகள். ஆட்டம் கிட்டத்தட்ட 960 முதல் 1,080 வரை. மருந்துப் பக்கம் சராசரி 782; ஆட்டம் 730 முதல் 835 வரை. இரண்டு வரம்புகளுக்கும் நடுவே நூற்றுக்கு மேல் வெற்றிடம். மருந்து மாறவில்லை, நோய் மாறவில்லை, விழுக்காடும் மாறவில்லை. ஆள் எண்ணிக்கை பெருகும்போது சராசரிகளுக்கு இடையிலான தூரம் அதே வேகத்தில் பெருகுகிறது. ஆட்டமோ அதன் வர்க்கமூல அளவுக்குத்தான் பெருகுகிறது. மாதிரி அளவு திறனைக் கூட்டுவதன் ரகசியம் இவ்வளவுதான்.

நடுவில் உள்ள படிகளையும் பார்க்கலாம். பக்கத்துக்கு 500 பேர் என்றால் இந்த மருந்துக்கான திறன் சுமார் 30 விழுக்காடு. 1,000 பேர் என்றால் சுமார் 53. அதாவது கிட்டத்தட்ட நாணயம் சுண்டுவதற்குச் சமம். 2,000 பேரைத் தொட்டால்தான் 80ஐத் தாண்டுகிறது. 4,000 பேரில் 98. ஒரு தொழில்முறை ஆய்வாளர் ‘ஆயிரம் நோயாளிகளை வைத்துச் சோதித்தோம்’ என்றால் கேட்பவருக்குப் பெரிய எண்ணாகத் தோன்றும். பக்கத்துக்கு 500 பேர் என்று பிரித்து, நூற்றுக்கு மூன்று உயிர் என்ற பலனைத் தேடும்போது, அந்த ஆயிரம் போதவே போதாது.

தேடும் பலன் சிறியதாகிவிட்டால் கணக்கு இன்னும் கடுமை. விகிதங்களுக்கு இடையிலான வித்தியாசம் பாதியானால், அதே திறனுக்கு ஆட்கள் ஏறக்குறைய நான்கு மடங்கு வேண்டும். ஸ்ட்ரெப்டோகைனேஸ் நிலைபெற்ற பிறகு, அதைவிட விலை கூடிய டி.பி.ஏ. என்ற மருந்து மேலானதா என்ற கேள்வி வந்தது. எதிர்பார்த்த வித்தியாசம் நூற்றுக்கு ஒரு உயிர். 1993ல் வெளியான கஸ்டோ சோதனையில் 41,021 பேரைச் சேர்த்ததற்குக் காரணம் அதுதான்.

ஆட்களைக் கூட்ட முடியாதபோது, சிறப்புகாண் மட்டத்தைத் தளர்த்தினால் என்ன என்று கேட்கலாம். திறன் கூடத்தான் செய்யும். பக்கத்துக்கு 2,000 பேர் உள்ள அதே சோதனையை எடுத்துக்கொள்வோம். 5 விழுக்காடு மட்டத்தில் திறன் 82. மட்டத்தை 10 ஆக்கினால் திறன் 89 ஆகிறது. ஆனால் விலை உண்டு: ஒன்றுக்கும் உதவாத மருந்துகளில் இருபதுக்கு ஒன்றுக்குப் பதிலாகப் பத்துக்கு ஒன்று வித்தியாசம் காட்டும். எதிர்த் திசையில், கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று மட்டத்தை 1 ஆக்கினால் திறன் 62க்கு இறங்குகிறது. ஆயிரத்தில் ஒன்று என்று இறுக்கினால் 34தான். மூன்றில் இரண்டு தடவை நல்ல மருந்தைத் தவறவிடுவோம். ஆட்கள் மாறாதவரை, ஒரு பிழையைக் குறைத்தால் மற்றது கூடும். இரண்டையும் சேர்த்துக் குறைக்க வேண்டுமானால் ஆட்களைக் கூட்ட வேண்டும். ஆயிரத்தில் ஒன்று என்ற கண்டிப்பையும் வைத்துக்கொண்டு 80 விழுக்காடு திறனும் வேண்டும் என்றால், பக்கத்துக்கு 2,000 என்பது 4,000க்கும் சற்று மேலே போக வேண்டும். இரு மடங்கு நோயாளிகளுக்கு ஐம்பது மடங்கு கண்டிப்பு கிடைக்கிறது. இது நல்ல பேரம் என்றே எனக்குப் படுகிறது.

1978ல் அமெரிக்காவில் ஜெனி ஃபிரைமனும் அவருடைய சகாக்களும், ‘பலன் இல்லை’ என்று முடிந்த 71 சோதனைகளை எடுத்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தார்கள். நோயாளியின் நிலை 50 விழுக்காடு முன்னேறியிருந்தால்கூட, அதைத் தவறவிடும் அபாயம் பத்தில் ஒன்றுக்கு மேல் இருந்த சோதனைகள் 50. பாதிக்குப் பாதி என்பது மருத்துவத்தில் அபூர்வமான பலன். அதையே காண முடியாத சோதனைகளை நடத்தி, ‘இல்லை’ என்று எழுதி, அடுத்த மருந்துக்குப் போயிருந்தார்கள்.

ஸ்ட்ரெப்டோகைனேஸுக்கு வருவோம். 1992ல் ஜோசப் லாவும் சக ஆய்வாளர்களும் அந்த 33 சோதனைகளையும் கால வரிசையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிக்கொண்டே வந்தார்கள். 1973லேயே, எட்டுச் சோதனைகளும் 2,432 நோயாளிகளும் சேர்ந்த இடத்தில், மருந்தின் பலன் 1 விழுக்காடு மட்டத்திலேயே தெளிவாகிவிட்டிருந்தது. தனித்தனியாகத் திறனற்ற சோதனைகள், ஒன்றாகச் சேர்த்தால் பேசத் தொடங்குகின்றன. ஆனால் 1973ல் அப்படிக் கூட்டிப் பார்க்கும் வழக்கம் இல்லை. அதன் பிறகு 34,542 பேர் சோதனைகளில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மருந்து கொடுக்கப்படவில்லை. இந்த எண்ணை என்னால் வெறும் புள்ளிவிவரமாகப் படிக்க முடியவில்லை.

முட்டுக்கட்டையை உடைத்தவை இரண்டு பெரிய சோதனைகள். இத்தாலியில் 1986ல் வெளியான கிஸ்ஸி சோதனையில் 11,712 பேர். 21 நாட்களில் சாவு 13.0 விழுக்காட்டிலிருந்து 10.7க்கு இறங்கியது. அடுத்தது ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ரிச்சர்ட் பீட்டோ, பீட்டர் ஸ்லைட், ரோரி காலின்ஸ் ஆகியோர் வழிநடத்திய ஐசிஸ்-2. அதற்கான சிந்தனையை முன்வைத்தவர்களில் ஒருவர் கேரளத்தில் பிறந்து பெங்களூரில் மருத்துவம் படித்த சலீம் யூசுப். 1984ல் அவர் காலின்ஸோடும் பீட்டோவோடும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். நடுத்தரமான பலனைக் காண ஆயிரக்கணக்கானோர் வேண்டும், ஆயிரக்கணக்கானோர் வேண்டுமானால் சோதனை எளிமையாக இருக்க வேண்டும் என்பது அதன் வாதம்.

ஐசிஸ்-2 அப்படித்தான் நடந்தது. 417 மருத்துவமனைகள். மாரடைப்பு என்று சந்தேகப்பட்டால் போதும், 24 மணி நேரத்துக்குள் வந்திருந்தால் போதும், சேர்த்துக்கொள்ளலாம். பணியிலிருக்கும் மருத்துவர் ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தொலைபேசியில் அழைத்துச் சில விவரங்களைச் சொன்னால், எந்தப் பொதியைத் திறக்க வேண்டும் என்று சொல்வார்கள். ஒரு மணி நேரம் நரம்பில் ஏற்றும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் அல்லது வெற்று மருந்து. அதோடு ஒரு மாதம் ஆஸ்பிரின் அல்லது வெற்று மாத்திரை. இப்படி நான்கு விதமான கூட்டு. சோதனையின் திறன் ஆட்களிடமிருந்து வருவதால், ஆட்களைச் சேர்க்க இடைஞ்சலான படிவங்களையும் பரிசோதனைகளையும் வெட்டி எறிந்திருந்தார்கள்.

1988 ஆகஸ்டில் லான்செட் இதழில் முடிவு வந்தது. மொத்தம் 17,187 நோயாளிகள். ஸ்ட்ரெப்டோகைனேஸ் பக்கம் 8,592 பேரில் 791 பேர் இதயநாள நோயால் இறந்தார்கள்; வெற்று மருந்துப் பக்கம் 8,595 பேரில் 1,029 பேர். மலிவான ஆஸ்பிரினும் கிட்டத்தட்ட அதே பலனைக் காட்டியது: 11.8 விழுக்காடு 9.4 ஆனது. இரண்டும் பெறாதவர்களில் 13.2 விழுக்காடு இறந்தார்கள்; இரண்டும் பெற்றவர்களில் 8.0. இவை தற்செயலாக வந்திருக்க லட்சத்தில் ஒரு வாய்ப்புகூட இல்லை.

இவ்வளவு பெரிய சோதனையையும் ஒரே நிமிடத்தில் திறனற்றதாக்க ஒரு வழி இருக்கிறது: அதைத் துண்டு போடுவது. முதியவர்களுக்குத் தனியாக, சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியாக, பெண்களுக்குத் தனியாகப் பலனைப் பிரித்துக் காட்டுங்கள் என்று லான்செட்டின் ஆசிரியர்கள் கேட்டார்கள். கேள்வி நியாயமாகத்தான் தோன்றுகிறது. பிரித்தால் என்ன ஆகும் என்று காட்டுவதற்காக, பீட்டோ குழுவினர் நோயாளிகளின் பிறந்த தேதியை வைத்து மேற்கத்திய முறைப்படி ராசி பிரித்தார்கள். மிதுன ராசியிலும் துலாம் ராசியிலும் பிறந்தவர்களுக்கு ஆஸ்பிரின் சாவைச் சற்றுக் கூட்டியதாக வந்தது. மற்ற பத்து ராசிக்காரர்களுக்கும் அது சிறந்த மருந்து! அதை அப்படியே கட்டுரையில் அச்சிடவும் செய்தார்கள்.

இதன் உள்ளே இருக்கும் கணக்கு மேலே பார்த்ததுதான். 17,187 பேரைப் பன்னிரண்டாகப் பிரித்தால் ராசிக்குச் சுமார் 1,430 பேர், பக்கத்துக்கு 715. அந்த அளவில் ஆஸ்பிரினின் பலனைப் பிடிக்கும் திறன் சுமார் 31 விழுக்காடு. பன்னிரண்டு ராசிகளையும் தனித்தனியே சோதித்தால், சராசரியாக எட்டு ராசிகளில் ‘பலன் நிரூபிக்கப்படவில்லை’ என்றே வரும். எட்டும் இரண்டாம் வகைப் பிழைகள். ஒன்றிரண்டு ராசிகளில் எண்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்தாலும் வியப்பதற்கில்லை. முதல் வகைப் பிழைக்கும் இதில் இடம் உண்டு. ஒன்றுக்குமே உதவாத மருந்தைப் பன்னிரண்டு துண்டுகளில் 5 விழுக்காடு மட்டத்தில் சோதித்தால், குறைந்தது ஒரு துண்டிலாவது பொய்யான வித்தியாசம் தென்பட 46 விழுக்காடு வாய்ப்பு. ஒரு கேள்விக்கு என்று குறித்த 5 விழுக்காட்டைப் பன்னிரண்டு கேள்விகளுக்குச் செலவழித்தால் அப்படித்தான் ஆகும். ராசி என்றவுடன் யாரும் ஏமாற மாட்டார்கள். ‘65 வயதுக்கு மேற்பட்டோருக்கு’ என்று வந்திருந்தால் பலரும் நம்பியிருப்பார்கள், நானும்தான்.

சிறிய சோதனைகளின் தீங்கு நல்ல மருந்தைத் தவறவிடுவதோடு முடிந்துவிட்டால்கூடப் பரவாயில்லை. அவை கெட்டிக்காரத்தனமாக வெற்றி பெற்றுவிடும்போதுதான் இன்னும் சங்கடம். பக்கத்துக்கு 100 பேர் சோதனைக்கே திரும்பலாம். மருந்து இல்லாத பக்கம் 12 பேர் இறந்தால், வழக்கமான கணக்குப்படி 5 விழுக்காடு எல்லையைத் தாண்ட, மருந்துப் பக்கம் 4 பேருக்கு மேல் இறக்கக் கூடாது. அதாவது சாவு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்ததுபோல் தெரிந்தால்தான் அந்தச் சோதனை ‘வெற்றி’. உண்மையான பலன் நான்கில் ஒரு பங்குதான். ஆகவே திறனற்ற சோதனை ஒன்று வெற்றி என்று அறிவித்தால், அது பலனை மிகைப்படுத்தித்தான் சொல்ல முடியும். வேறு வழியே இல்லை.

அந்த வெற்றிகளில் பொய்யும் அதிகம். புதிதாக 100 சிகிச்சைகள் சோதனைக்கு வருகின்றன, அவற்றில் பத்துதான் உண்மையில் வேலை செய்பவை என்று வைத்துக்கொள்ளலாம். மீதி 90இல், 5 விழுக்காடு மட்டத்தில், நான்கைந்து தவறாக வித்தியாசம் காட்டும். பாதி நல்ல பக்கம், பாதி கெட்ட பக்கம் என்று கொண்டால், சுமார் இரண்டு பொய் வெற்றிகள். திறன் 80 என்றால் அவற்றோடு எட்டு உண்மை வெற்றிகளும் வரும். திறன் 10 என்றால் ஒரே ஒரு உண்மை வெற்றி. அதற்கு இரண்டு பொய்கள். சிறப்புகாண் மட்டம் இரண்டிலும் அதே 5 விழுக்காடுதான். ‘பி மதிப்பு ஐந்துக்குக் கீழ்’ என்ற அதே வாக்கியம் ஓரிடத்தில் பெரும்பாலும் உண்மை, இன்னோரிடத்தில் பெரும்பாலும் பொய்.

இந்த வலையில் மாட்டியது மெக்னீசியம். மாரடைப்பு வந்தவருக்கு மெக்னீசியம் சல்ஃபேட்டை நரம்பில் ஏற்றினால் சாவு குறையும் என்று 1980களில் சில சிறிய சோதனைகள் சொன்னன. 1991ல் அவற்றில் ஏழைச் சேர்த்துக் கணக்கிட்டபோது பலன் பிரமாதமாகத் தெரிந்தது: சாவு 8.2 விழுக்காட்டிலிருந்து 3.8க்கு. ஸ்ட்ரெப்டோகைனேஸில் சேர்த்துப் பார்த்தது உண்மையைக் காட்டியதே, இங்கும் அப்படித்தானே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஏழு சோதனைகளிலும் சேர்த்து 1,301 பேர்; இறந்தவர்கள் மொத்தம் 78 பேர்தான். உயிர் காக்கும் மருந்தின் சோதனையில் தகவலைத் தருவது சேர்க்கப்பட்டவர்களின் எண்ணிக்கையைவிட நேர்ந்த சாவுகளின் எண்ணிக்கையே. 78 சாவுகளை வைத்துக்கொண்டு பெரிதாக எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. போதாததற்கு, பலன் காட்டாத சிறு சோதனைகள் அச்சேறாமல் அலமாரியில் தங்கிவிடுவதும் வழக்கம். அப்போது கூட்டிப் பார்ப்பவர் கையில் வெற்றிகள் மட்டுமே சிக்கும். 5 விழுக்காடு என்ற காவலுக்கு அங்கே பொருளே இல்லை.

1992ல் இங்கிலாந்தின் லெஸ்டரில் நடந்த லிமிட்-2 சோதனை 2,316 பேரைச் சேர்த்தது. சாவு 10.3 விழுக்காட்டிலிருந்து 7.8 ஆனது, பி மதிப்பு 4 விழுக்காடு. எல்லையை மயிரிழையில் தாண்டிய வெற்றி. பல மருத்துவர்கள் நம்பினார்கள். பிறகு ஆக்ஸ்ஃபோர்டு குழு ஐசிஸ்-4ஐ நடத்தியது. 58,050 நோயாளிகள். 1995ல் வெளியான முடிவில் மெக்னீசியம் பெற்றவர்களில் 7.64 விழுக்காடு இறந்தார்கள், பெறாதவர்களில் 7.24. பலன் எதுவும் இல்லை. ஒருவேளை மருந்தைத் தாமதமாகக் கொடுத்திருப்பார்கள், சீக்கிரம் கொடுத்தால் பலிக்கும் என்று வாதம் எழுந்தது. அதையும் சோதித்தார்கள். மேஜிக் என்ற சோதனையில், ஆபத்து அதிகமுள்ள 6,213 பேருக்கு விரைவாகவே மருந்து கொடுக்கப்பட்டது. 2002ல் வந்த முடிவு: மெக்னீசியம் பெற்றவர்களில் 15.3 விழுக்காடு சாவு, பெறாதவர்களில் 15.2.

இந்த ‘இல்லை’யும் 1960களின் ‘இல்லை’யும் ஒன்றல்ல. மேஜிக் சோதனையில் இரண்டு பக்கமும் சேர்த்து 900க்கு மேற்பட்ட சாவுகள். மெக்னீசியம் நான்கில் ஒரு சாவைத் தடுக்கும் மருந்தாக இருந்திருந்தால், இது அநேகமாக நிச்சயம் பிடித்திருக்கும். பிடிக்கக்கூடிய சோதனை தேடியும் காணாதபோது, ‘இல்லை’ என்ற சொல்லை நம்பலாம். இதைத் தெரிந்துகொள்ளப் பி மதிப்பு உதவாது. பலன் குறைந்தபட்சம் எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்று ஆய்வறிக்கை தரும் நம்பிக்கை இடைவெளியைத்தான் பார்க்க வேண்டும். ‘சாவைப் பாதியாகக் குறைக்கலாம், ஒன்றரை மடங்காகக் கூட்டவும் செய்யலாம்’ என்று அகன்று கிடந்தால், அந்தச் சோதனை எதையும் மறுக்கவில்லை, சரியாகத் தேடவே இல்லை. இடைவெளி குறுகி, உருப்படியான பலன் எதற்கும் அதில் இடமில்லாமல் போனால்தான் அது மறுப்பு.

அதே 2002ல் அதே மெக்னீசியம் சல்ஃபேட்டுக்கு இன்னொரு தீர்ப்பும் வந்தது. கர்ப்ப காலத்தில் இரத்த அழுத்தம் ஏறி, வலிப்பு வந்து, தாய் இறந்துபோவது பழைய கொடுமை. வலிப்பு வருமுன்னே மெக்னீசியம் கொடுத்தால் தடுக்க முடியுமா என்ற கேள்வியை மேக்பை என்ற சோதனை எடுத்துக்கொண்டது. அந்த நிலையில் இருக்கும் பெண்களிலும் வலிப்பு வருவது நூற்றுக்கு இரண்டு பேருக்குத்தான். அவ்வளவு அரிதான நிகழ்வு பாதியாகக் குறைந்ததா என்று பார்க்க ஆயிரக்கணக்கில் பெண்கள் வேண்டும். 33 நாடுகளில் 10,141 பேரைச் சேர்த்தார்கள். மெக்னீசியம் பெறாதவர்களில் 96 பேருக்கு வலிப்பு வந்தது. பெற்றவர்களில் 40 பேருக்கு. ஆயிரம் பெண்களுக்குக் கொடுத்தால் சுமார் பதினோரு பேருக்கு வலிப்பு தடுக்கப்படும். இன்று கடுமையான கர்ப்பகால இரத்த அழுத்தத்துக்கு உலகெங்கும் பிரசவ அறைகளில் அந்த ஊசி போடப்படுகிறது.